மருத்துவமனையில் உடனிருக்கும் நாட்களுக்கான உடை

கேள்வி: வணக்கம் சிஸ்டர். என் அப்பாவுக்கு 74 வயது. இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து 6 நாட்கள் ஆகின்றன. இன்னும் இரண்டு மூன்று வாரங்கள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் காலை 7 மணிக்குப் போனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவும் அங்கேயே தங்கி, மறுநாள் இரவு 9 மணிக்குத்தான் என் அறைக்குத் திரும்புகிறேன். அறையில் வாளியும் குழாயும் மட்டுமே உண்டு, வெயிலும் படாது. கழற்றிய உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்திருந்து, அறைக்கு வந்ததும் துவைக்கிறேன். என்னிடம் நான்கு சுடிதார்கள் இருக்கின்றன: உள்துணி வைத்துத் தைத்த கெட்டிப் பருத்தி, ரேயான், ஜார்ஜெட், மெல்லிய பருத்தி. துவைத்தும் வாடை போகவில்லை. நேற்று துப்பட்டா கட்டிலின் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. குளிர்சாதனத்தில் உடம்பு நடுங்குகிறது. இரவு உடையில் இருக்கும்போது மருத்துவர் வந்துவிட்டால் கூச்சமாக இருக்கிறது. எந்த மாதிரி உடை உடுத்தலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

26 ஆண்டுகள் வார்டுகளில் வேலை செய்தவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் உடைகளில் அடிக்கும் வாடை நீங்கள் சரியாகத் துவைக்காததால் வருவதில்லை. அது வாளியில் தொடங்கவில்லை. பிளாஸ்டிக் பையில் தொடங்குகிறது. திங்கட்கிழமை பகல் முழுவதும் உடுத்திய உடையை அன்றிரவு கழற்றிப் பையில் கட்டிவிடுகிறீர்கள். அது செவ்வாய் இரவு 9 மணி வரை, ஏறக்குறைய ஒரு முழு நாள், வியர்வை ஈரத்தோடு காற்றில்லாமல் கிடக்கிறது. வியர்வைக்கென்று தனியாகப் பெரிய வாடை கிடையாது. தோலிலிருந்து துணிக்கு வந்த கிருமிகள் அந்த ஈரத்திலும் எண்ணெய்ப் பசையிலும் பெருகும்போதுதான் நாற்றம் உண்டாகிறது. பிறகு நீங்கள் துவைத்தாலும், வெயில் படாத அறையில் துணி விடிய விடிய ஈரமாகவே தொங்குவதால், மிச்சமிருக்கும் கிருமிகளுக்கு இன்னொரு இரவு கிடைத்துவிடுகிறது. ஆகவே எதை உடுத்துவது என்பதற்கு முன்னால், உடுத்தியது எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்பதைக் குறைக்க வேண்டும்.

அதற்கு நீங்கள் செய்ய வேண்டியவை சிறியவைதான். பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக வாய் திறந்த துணிப்பை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரவு கழற்றிய உடையை உடனே மடித்து உள்ளே திணிக்காமல், நீங்கள் உட்காரும் நாற்காலியின் முதுகில் அரை மணி நேரம் விரித்துப் போட்டு, வியர்வை ஈரம் போன பிறகு பைக்குள் வையுங்கள். அப்பாவின் கட்டில் மீதோ கட்டிலின் கம்பி மீதோ மட்டும் போட வேண்டாம். இரத்தமோ மலமோ வாந்தியோ பட்ட துணி இதற்கு விலக்கு. அதைப் பிளாஸ்டிக்கில்தான் தனியாகக் கட்ட வேண்டும், ஆனால் மறுநாள் இரவு வரை காத்திருக்கக் கூடாது. உடனிருப்பவர்களுக்கான குளியலறையில் கையுறை அணிந்துகொண்டு அன்றே குளிர்ந்த நீரில் அலசிவிட வேண்டும். வெந்நீர் ஊற்றினால் இரத்தத்தில் உள்ள புரதம் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாது.

அறைக்குத் திரும்பியதும் துவைத்துப் பிழிந்த பிறகு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. காலையில் உடை உலர்ந்திருப்பதும் உலராமல் இருப்பதும் இதில்தான் இருக்கிறது. நன்றாக உலர்ந்த பெரிய துண்டு ஒன்றைத் தரையில் விரித்து, பிழிந்த மேலாடையை அதன்மேல் சுருக்கமில்லாமல் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல இறுக்கமாகச் சுருட்டுங்கள். அந்தச் சுருளின் மேல் முழங்காலை ஊன்றி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திக்கொண்டே போங்கள். கைகளால் எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் வராத நீரைத் துண்டு இழுத்துக்கொள்ளும், விரித்துப் பார்த்தால் துண்டு நனைந்திருப்பது உங்களுக்கே தெரியும். கால்சட்டைக்கும் இப்படியே செய்யுங்கள். பிறகு மேலாடையைக் கொடியில் பாதியாக மடித்துப் போடாமல், தோள் மாட்டியில் மாட்டி, கால்சட்டையை இடுப்புப் பட்டை மேலே இருக்கும்படி, உட்புறம் வெளியே தெரியும்படி தொங்கவிடுங்கள். துணிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். மின்விசிறி இருந்தால் அதன் காற்று நேராகப் படும்படி செய்யுங்கள். காற்றோட்டம் இருந்தால் வெயில் இல்லாதது பெரிய குறையாக இருக்காது.

அடுத்து, உங்களிடம் உள்ள நான்கு உடைகளைப் பார்ப்போம். உள்துணி வைத்துத் தைத்த கெட்டிப் பருத்தி இந்த நாட்களுக்கு ஏற்றதல்ல. இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே காற்றுப் புகாது, தையல் ஓரங்களில் நான்கு அடுக்காகத் துணி சேர்ந்திருக்கும். வெளியே தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்தாலும் அக்குளிலும் ஓரங்களிலும் ஈரம் தங்கியிருக்கும். அதை வீட்டுக்குப் போகும் நாளுக்கு எடுத்துவைத்துவிடுங்கள். ஜார்ஜெட் பெரும்பாலும் பாலியஸ்டர் இழையில் நெய்யப்படுவது. அது நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால் மிக விரைவாக உலரும், அந்த வகையில் அது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் பாலியஸ்டர் உடலின் எண்ணெய்ப் பசையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் துவைத்து உலர்ந்த பிறகும் உடல் சூடு பட்டதும் பழைய வாடை திரும்பி வரும். நாள் முழுவதும் தோலை ஒட்டி உடுத்த அது உகந்ததல்ல. ரேயான் மென்மையானதுதான், ஆனால் நனைந்தால் கனத்து வலுவிழக்கும். முறுக்கிப் பிழிந்தால் இழை நைந்து உருக்குலைந்துவிடும், உலரவும் நேரமெடுக்கும். அதை முறுக்காமல், துண்டில் வைத்து அழுத்தி மட்டும் நீரெடுத்தால் இரண்டு மூன்று வாரங்களுக்கு அது தாக்குப்பிடிக்கும்.

மெல்லிய பருத்திதான் உங்களுக்கு உரியது. அதே வகையில் இன்னும் இரண்டு மேலாடைகளை, உள்துணி இல்லாமல், வீட்டிலிருந்து வரவழைத்துக்கொள்ளுங்கள். உடல் தெரியுமே என்ற கவலை இருந்தால், உள்துணி தைப்பதற்குப் பதிலாகத் தனியாக ஒரு மெல்லிய ஸ்லிப் அணிந்துகொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியே துவைத்துத் தனித்தனியே தொங்கவிடலாம் என்பதால் இரண்டும் விரைவில் உலரும். கீழாடைக்கு மட்டும் நான் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியைப் பரிந்துரைப்பேன். செவிலியர்கள் அணியும் சீருடைத் துணிகள் பலவும் இப்படிப்பட்ட கலப்புத் துணிகள்தான். அவை அடிக்கடி துவைப்பதைத் தாங்கும், சுருங்காது, இஸ்திரி போடாமலே ஒழுங்காக இருக்கும். கொசுவம் வைத்த சல்வாரைவிட நேர்வெட்டுக் கால்சட்டை நல்லது. கொசுவமும் நாடா நுழையும் மடிப்பும் சேரும் இடம்தான் எந்த உடையிலும் கடைசியாக உலரும் இடம். நாடாவைத் துவைக்கும்போது உருவி எடுத்துவிட்டால் அந்த மடிப்புக்குள் காற்று நுழையும்.

எத்தனை உடைகள் வேண்டும் என்று உங்கள் நேரக்கணக்கை வைத்தே பார்த்துவிடலாம். திங்கள் காலை ஒன்று, செவ்வாய் காலை மாற்ற ஒன்று. செவ்வாய் இரவு இரண்டையும் துவைக்கிறீர்கள். புதன் காலை 7 மணிக்கு மீண்டும் கிளம்பும்போது, அன்றைக்கும் வியாழனுக்குமாக இரண்டு உடைகள் கையில் இருக்க வேண்டும். உங்களிடம் மூன்று மட்டுமே இருந்தால், துவைத்த இரண்டில் ஒன்றாவது ஓரிரவில் உலர்ந்தே ஆக வேண்டும். அது உலராததால்தான் ஈரத்தோடு உடுத்த நேர்கிறது. நான்கு இருந்தால், செவ்வாய் இரவு துவைத்தவை வெள்ளிக்கிழமை காலை வரை தேவைப்படாது. மூன்று மெல்லிய பருத்தியும் ஒரு ரேயானுமாக நான்கு வைத்துக்கொண்டால் இந்த நெருக்கடி உங்களுக்கு வராது. மெதுவாக உலரும் ரேயானுக்கும் போதிய நேரம் கிடைக்கும். இவற்றுக்கு வெளியே, அவசரத்துக்கென்று ஒரு மேலாடையும் கீழாடையும் மடித்து அப்பாவின் கட்டிலருகே உள்ள அலமாரியிலேயே எப்போதும் இருக்கட்டும். சிறுநீர்ப் பையைக் காலி செய்யும்போது மேலே தெறிப்பது அனுபவமுள்ளவர்களுக்கும் நேர்வதுதான்.

கறைகளைப் பற்றி ஒரு சொல். புண்ணைத் துடைக்கும் பழுப்பு நிற மருந்தான பொவிடோன் அயோடின் துணியில் பட்டால் பதற வேண்டாம். உடனே அலசினாலே பெரும்பகுதி போய்விடும், எஞ்சியதன் மேல் வைட்டமின் சி மாத்திரையை நீரில் கரைத்துத் தடவினால் நிறம் மறையும். ஆனால் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வேறு வகை. மருத்துவமனைகளில் கை தேய்க்கும் திரவங்கள் சிலவற்றிலும், தோலைத் துடைக்கும் மருந்துகள் பலவற்றிலும் அது இருக்கிறது. துணியில் பட்டால் முதலில் எதுவும் தெரியாது. அந்தத் துணியைக் குளோரின் கலந்த ப்ளீச்சில் ஊறவைத்தால்தான் பழுப்புத் திட்டுகள் தோன்றும், பிறகு அவை போகவே போகா. வெள்ளை உடையோடு வந்து, வெளுக்க வேண்டும் என்று ப்ளீச் ஊற்றிப் பாழாக்கிக்கொண்டவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மருத்துவமனைக்கு உடுத்திய உடைக்குச் சாதாரணச் சலவைத்தூளே போதும். அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும், துணியை எப்படித் துவைப்பது என்று வார்டுச் செவிலியரிடம் தனியாகக் கேளுங்கள், ஏனெனில் சிலவகை வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்குக் கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம் போதாது. சோப்பும் நீரும்தான் வேண்டும்.

துப்பட்டா விஷயத்தில் நான் கண்டிப்பாகவே இருக்க விரும்புகிறேன். சக்கரத்தில் சிக்கியதோடு போயிற்று என்பது நல்ல காலம். கட்டிலின் தாழ்பகுதியில் சிறுநீர்ப் பை தொங்கும், அதற்கு மேலே அதன் குழாய் வளைந்து கிடக்கும், மறுபுறம் கையிலோ கழுத்திலோ டிரிப்ஸ் குழாய் இருக்கும். தோளிலிருந்து நழுவிய துப்பட்டாவின் முனை இவற்றில் எதிலாவது மாட்டிக்கொண்ட நிலையில் நீங்கள் சட்டென்று திரும்பினால், வலி அப்பாவுக்குத்தான். சால்வைக்கும் இதுவே பொருந்தும். துப்பட்டாவை ஊக்கு குத்தி நிறுத்துகிறேன் என்று சொல்வார்கள். அதையும் செய்ய வேண்டாம். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது உங்கள் தோளும் மார்பும் அவர்மேல் உரசும், முதியவர்களின் தோல் மெலிந்தது, ஊக்கு முனை கீறினாலே கிழிந்துவிடும். தவிர, அவரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போக நேர்ந்தால் ஊக்கு, கொக்கி, உலோகப் பொத்தான் எதுவுமே உடம்பில் இருக்கக் கூடாது.

துப்பட்டா இல்லாமலே மரியாதையாக இருக்கும்படி மேலாடையைத் தேர்ந்தெடுப்பதுதான் சரியான வழி. கழுத்து காறையெலும்பு வரை மூடியிருக்கட்டும், உடல் பகுதி இறுக்கமில்லாமல் முழங்கால் வரை வரட்டும், பக்கவாட்டுத் திறப்பு இடுப்பு வரை ஏறியிருந்தால் நாலு விரல் அகலத்துக்குக் கீழே இறக்கித் தைத்துவிடுங்கள். துப்பட்டா இல்லாமல் மனம் ஒப்பவில்லை என்றால், முன்புறம் பொத்தான் வைத்த கையில்லாத மெல்லிய மேலங்கி ஒன்றை அணியலாம். அல்லது துப்பட்டாவை மார்பின் குறுக்கே கொண்டுவந்து, இரு முனைகளையும் இடுப்பின் ஒரு பக்கத்தில் முடிந்து, முனைகளை உள்ளே செருகிவிடுங்கள். புடவை உடுத்தும் உறவினர் உங்களுக்குப் பதிலாக இருக்க வந்தால் அவருக்கும் முந்தானையை இழுத்துச் செருகச் சொல்லுங்கள். உடுத்திய பிறகு கண்ணாடிக்கு முன்னால் மூன்று அசைவுகளைச் செய்து பாருங்கள்: கட்டிலில் இருப்பவரைத் தாங்குவதுபோல முன்னால் குனியுங்கள், திரைச்சீலையை இழுப்பதுபோலக் கைகளை உயர்த்துங்கள், கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ எடுப்பதுபோலக் குந்துங்கள். மூன்றிலும் கழுத்தோ இடுப்போ விலகாமல் இருந்தால் அந்த உடை தேறிவிட்டது.

இதில் நான் இவ்வளவு நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. தன் மகள் தனக்குத் துடைத்துவிடுவதையும் சிறுநீர்க் கலம் வைப்பதையும் ஏற்றுக்கொள்வது ஒரு தகப்பனுக்கு எளிதல்ல. அந்த நேரத்தில் நீங்கள் ஒரு கையால் உடையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் வேலை செய்தால், அவருடைய கூச்சம் இரண்டு மடங்காகிறது, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், சில பேர் தேவையையே சொல்லாமல் அடக்கிக்கொள்வார்கள். சரிசெய்ய வேண்டாத உடையை உடுத்திக்கொண்டு இரு கைகளாலும் நீங்கள் நிதானமாக வேலை செய்யும்போது அவரும் சற்று இளகுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

மேலாடையின் கை நீளமும் இங்கே முக்கியம். 2007இல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை, நோயாளிகளைத் தொடும் மருத்துவப் பணியாளர்கள் முழங்கைக்குக் கீழே வெற்றுக் கையோடு இருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. இந்த விதி உங்களுக்கு எழுதப்பட்டதல்ல என்றாலும் அதன் காரணம் உங்களுக்கும் பொருந்தும். சோப்பும் நீருமாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடிகளும், ஆல்கஹால் திரவமென்றால் 20 முதல் 30 விநாடிகளும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முழுக்கைச் சட்டையோடு அத்தனை நேரம் மணிக்கட்டு வரை யாரும் தேய்ப்பதில்லை; தேய்த்தாலும் ஓரம் நனைந்து, அந்த ஈர ஓரம் அடுத்து புண்கட்டின் மீது உரசும். ஆகவே முழங்கை அளவுக் கை போதும். வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

குளிருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். வெளியே கனமாகப் போர்த்துவதைவிட உள்ளே உடலை ஒட்டி மெல்லிய பருத்திப் பனியன் ஒன்று அணிவது நல்லது. அது கைகளுக்குத் தடையாக இருக்காது, ஸ்லிப்புக்குப் பதிலாகவும் பயன்படும். அதற்கு மேல், முன்புறம் முழுவதும் திறக்கும் பின்னல் ஸ்வெட்டர் ஒன்று வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஏதாவது செய்யும்போது கழற்றுங்கள், அல்லது கைகளை முழங்கைக்கு மேல் தள்ளிவிடுங்கள். தலைவழியாகப் போடும் ஸ்வெட்டரை அவசரத்தில் கழற்ற முடியாது. பாதத்துக்குப் பருத்திக் காலுறை அணியலாம், ஆனால் அதன் மேல்பட்டை இறுக்கமாக இருக்கக் கூடாது. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலையில் கால் வீங்கும், இறுக்கமான பட்டை அங்கே தடம் பதித்துவிடும். காலணியும் மாலை வீக்கத்துக்கு இடம் தர வேண்டும். விரல்கள் மூடியதாகவும், குதிகாலில் வார் உள்ளதாகவும், அடிப்பாகம் வழுக்காத ரப்பராகவும் இருக்கட்டும். அப்பாவை வாக்கர் பிடித்து நடக்கவைக்கும் நாளில் நீங்கள் வழுக்கினால் இருவரும் விழுவீர்கள்.

இரவு உடைக்கு வருகிறேன். தரை தொடும் நைட்டி கூச்சத்துக்கு மட்டும் காரணமாக இருப்பதில்லை. பின்னிரவு 3 மணிக்கு அப்பா கூப்பிட்டு அரைத்தூக்கத்தில் எழும்போது காலில் தடுக்கும், குளியலறையில் ஓரம் நனையும். பகலில் உடுத்தும் அதே வெட்டில், ஒரு அளவு பெரிதாக, இலாஸ்டிக் தளர்வாக உள்ள ஒரு மேலாடையையும் கால்சட்டையையும் இரவுக்கென்று ஒதுக்குங்கள். அடர் நிறமாக இருந்தால் நல்லது. அதற்குமேல் அந்த ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டுவிட்டால், அதிகாலையில் மருத்துவர் வந்தாலும் நீங்கள் எழுந்து நின்று பேசலாம், கையெழுத்துக் கேட்டால் போடலாம், எங்கேயும் ஓடி ஒளிய வேண்டியதில்லை. ஸ்வெட்டரைப் பைக்குள் வைக்காமல் தலைமாட்டிலேயே வையுங்கள். மருத்துவர்கள் சுற்றி வருவதற்கு அரை மணி நேரம் முன்பாக எழுப்பிவிடும்படி இரவுப் பணிச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளலாம். நாங்கள் இதைத் தொந்தரவாக நினைப்பதில்லை.

மணம் வீசும் சலவைத் திரவமும் வாசனைத் தெளிப்பும் மட்டும் வேண்டாம். வலி மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குக் குமட்டல் எளிதில் வரும், பக்கத்துக் கட்டிலில் மூச்சுத்திணறல் உள்ளவர் இருக்கலாம்.

இன்றிரவே உங்கள் மெல்லிய பருத்தியையும் அதன் கால்சட்டையையும் 9 மணிக்குப் பிறகு துவைத்து, துண்டில் சுருட்டி அழுத்தித் தொங்கவிட்டுப் பாருங்கள். காலை 6 மணிக்கு அக்குள் தையலையும் இடுப்பு மடிப்பையும் உள்ளங்கையால் தொடாமல் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஈரம் கன்னத்துக்கு எளிதில் தெரியும். இரண்டு இடமும் சில்லென்று இல்லாவிட்டால், வீட்டிலிருந்து வரவழைக்கும் உடைகளையும் அதே துணியில் கேளுங்கள். சில்லென்று இருந்தால், அன்றைக்கு அதை உடுத்தாமல் தோள் மாட்டியிலேயே விட்டுவிட்டு, வேறொன்றை உடுத்திக்கொண்டு கிளம்புங்கள்.